விரலும் சுவரும்: கிட்டே போகாமல் தூரம் அளப்பது எப்படி

ஒரு கையை முன்னால் நீட்டி, ஆள்காட்டி விரலை நிமிர்த்திப் பிடியுங்கள். எதிரே காலண்டரோ கடிகாரமோ மாட்டிய சுவர் இருந்தால் நல்லது. இப்போது வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்து, விரல் சுவரில் எந்த இடத்தை மறைக்கிறது என்று கவனியுங்கள். விரலையும் தலையையும் அசைக்காமல் கண்ணை மாற்றுங்கள். விரல் சட்டென்று இடப்பக்கம் தாவியிருக்கும். மறுபடி மாற்றினால் பழைய இடத்துக்கே திரும்பும்.

இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பாரலாக்ஸ் என்றும் சொல்வார்கள். விரல் அசையவில்லை, சுவரும் அசையவில்லை. பார்க்கிற இடம்தான் ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாறியது. வலது கண்ணிலிருந்து விரல் வழியாக ஒரு நேர்கோடு போட்டால் அது சுவரின் இடப்பக்கம் போய் முட்டும். இடது கண்ணிலிருந்து போட்டால் வலப்பக்கம் முட்டும். இரண்டு கோடுகளும் விரலில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

விரலை மூக்குக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து இதையே செய்து பாருங்கள். தாவல் பெரிதாகும். கையை முழுக்க நீட்டினால் சிறிதாகும். அப்படியானால் தாவலை அளந்தால் தூரம் தெரிந்துவிடும், இல்லையா? தெரியும். பள்ளியில் ஸ்கேலைச் சாய்வாகப் பார்த்து அளவெடுத்தால் வரும் பிழையாகத்தான் நம்மில் பலர் இதை முதலில் படித்திருப்போம். ஆனால் நட்சத்திரங்களின் தூரத்தை அளக்க மனிதரிடம் இருக்கும் மிக நேரடியான வழியும் இதே தாவல்தான்.

சரி, முதலில் வீட்டிலேயே அளந்துவிடுவோம். மூன்று அளவுகள் வேண்டும்: இரண்டு கண்களுக்கும் இடையிலான தூரம், கண்ணிலிருந்து சுவர் வரையிலான தூரம், சுவரில் விரல் தாவிய தூரம்.

கண் இடைவெளியை அளக்க ஒரு கண்ணாடி போதும். ஸ்கேலைக் கண்ணாடியின் மேல் படுக்கையாக ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் அதே கண்ணின் பிம்பத்தில் உள்ள கருமணியைப் பார்த்து, அதன் நடுப்புள்ளி ஸ்கேலில் எந்தக் கோட்டில் விழுகிறது என்று குறியுங்கள். தலையை அசைக்காமல், வலது கண்ணால் வலது கருமணியைப் பார்த்து அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கண் இடைவெளி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 6 சென்டிமீட்டரை ஒட்டி வரும். இங்கே கணக்குக்காக 6.3 என்று வைத்துக்கொள்வோம்.

சுவர் கண்ணிலிருந்து சரியாக 3 மீட்டரில், அதாவது 300 சென்டிமீட்டரில் இருக்கட்டும். விரல் 25.2 சென்டிமீட்டர் தாவியது என்று வையுங்கள். விரலில் வெட்டிக்கொள்ளும் அந்த இரண்டு கோடுகளை மறுபடி நினைத்துப் பாருங்கள். விரலுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அதன் அடி 6.3. விரலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு முக்கோணம், அதன் அடி 25.2. இரண்டும் ஒரே வடிவம், அளவு மட்டும் வேறு. பெரியது சிறியதைப்போல 4 மடங்கு. ஆகவே விரலிலிருந்து சுவர் வரை உள்ள தூரமும், கண்ணிலிருந்து விரல் வரை உள்ள தூரத்தைப்போல 4 மடங்கு. மொத்தம் 5 பங்கு சேர்ந்து 300 சென்டிமீட்டர். ஒரு பங்கு 60. விரல் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. டேப் வைத்து அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

எந்த அளவு வந்தாலும் கணக்கு இதுதான்:

```
விரலின் தூரம் = (கண் இடைவெளி × சுவரின் தூரம்) ÷ (தாவல் + கண் இடைவெளி)
```

இதைச் செய்யும்போது பொதுவாக இரண்டு இடங்களில் தவறும். கண்ணை மாற்றும்போது தலை தானாகவே கொஞ்சம் திரும்பிவிடும். நீட்டிய கையும் ஆடும். விரலுக்குப் பதிலாக ஒரு பாட்டிலில் பென்சிலைச் செருகி மேசைமேல் நிறுத்திவிட்டு, தாடையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். இன்னொன்று, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது விரலைக் குறிவைத்துவிட்டு, அப்புறம் ஒரு கண்ணை மூடினால் சிலருக்குத் தாவலே தெரியாது. குறிவைக்கும் வேலையை ஒரு கண்தான் முன்னின்று செய்கிறது. மூடியது மற்ற கண் என்றால் எதுவும் மாறாது. அதனால் குறிவைப்பதையே ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இனி இந்த முறை எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்போம். சுவரில் குறி வைப்பதில் 1 சென்டிமீட்டர் பிசகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25.2 என்பதற்குப் பதிலாக 26.2 என்று எழுதிவிட்டோம். கணக்குப் போட்டால் 58 சென்டிமீட்டர் வரும். உண்மை 60. பெரிய நஷ்டமில்லை. இப்போது பென்சிலைத் தள்ளிக்கொண்டுபோய் 2 மீட்டரில் நிறுத்துங்கள். தாவல் வெறும் 3.15 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே 1 சென்டிமீட்டர் பிசகு இப்போது என்ன செய்கிறது? ஒரு பக்கம் பிசகினால் பென்சில் 181 சென்டிமீட்டரில் இருப்பதாக விடை வரும், மறுபக்கம் பிசகினால் 224. அளக்கிற கை அதேதான், பிசகும் அதேதான். தூரம் கூடியதால் விடை இவ்வளவு அகன்றுவிட்டது. இந்தப் பென்சிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நட்சத்திரங்களிடம் போனாலும் இதே சிக்கல் கூடவே வரும்.

சுவரிடமும் ஒரு சிக்கல் உண்டு. பென்சிலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் தாவலே இருக்காது. தாவல் என்று நாம் சொல்வது எப்போதும் பின்னணியை வைத்துத்தான். பின்னணி பொருளுக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒப்பிட ஒன்றுமில்லை. பின்னணி மிகமிகத் தொலைவில் இருந்தால்தான் தாவல் முழுதாகத் தெரியும். அதனால் இந்த முறையில் பொருளைப் பற்றி யோசிப்பதைவிடச் சுவரைப் பற்றி யோசிப்பதுதான் பாதி வேலை என்பேன். வானியலாளர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியது பெரும்பாலும் சுவரோடுதான்.

வானத்துக்குப் போனால் 6.3 சென்டிமீட்டர் இடைவெளி எதற்கும் காணாது. அகலமான இரண்டு கண்கள் வேண்டும். பூமியே அதைத் தருகிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் ஆரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். ஜனவரியில் ஒரு தடவை பார்த்து, ஜூலையில் இன்னொரு தடவை பார்த்தால், 30 கோடி கிலோமீட்டர் தள்ளி இரண்டு கண்கள் வைத்துப் பார்த்த மாதிரி. பக்கத்து நட்சத்திரம்தான் விரல். தொலைதூர நட்சத்திரங்கள் சுவர்.

டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே இதை 16ஆம் நூற்றாண்டிலேயே யோசித்துவிட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் நட்சத்திரங்கள் ஆண்டுக்கொரு முறை இப்படியும் அப்படியும் நகர்ந்து தெரிய வேண்டும். தொலைநோக்கி இல்லாத காலத்தில் ஏறத்தாழ ஒரு வில் நிமிடம் வரை, அதாவது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு வரை, துல்லியமாக அளந்தவர் அவர். அப்படி எந்த நகர்வும் அவருக்குத் தெரியவில்லை. அதை வைத்து, பூமி நகரவில்லை என்ற முடிவுக்கு வந்தார். முடிவு தவறு. ஆனால் கேள்வி மிகச் சரியானது. நகர்வு தெரியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: நட்சத்திரங்கள் அவர் ஏற்கத் தயாராக இருந்ததைவிட வெகு தொலைவில் இருந்தன. மிகப் பக்கத்து நட்சத்திரம்கூட ஒவ்வொரு பக்கமும் நகர்வது ஒரு வில் விநாடிக்குக் குறைவு. வில் விநாடி என்றால் பாகையின் 3600இல் ஒரு பங்கு. ஒரு ரூபாய் நாணயத்தை நாலரை கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியும் அகலம் அதுதான். டைக்கோ பார்க்க முடிந்ததைவிட அறுபது மடங்குக்கு மேல் சிறியது.

தொலைநோக்கி வந்த பிறகும் வேலை எளிதாகவில்லை. 1725 முதல் ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி காமா டிராகோனிஸ் என்ற நட்சத்திரத்தை விடாமல் கவனித்தார். லண்டனில் அது ஏறக்குறைய நேர் உச்சியில் கடக்கும், அதனால் காற்று மண்டலம் ஒளியை வளைக்கும் தொல்லை மிகக் குறைவு. நட்சத்திரம் உண்மையிலேயே நகர்ந்தது. இரண்டு பக்கமும் 20 வில் விநாடி அளவுக்கு, ஆண்டுக்கொரு சுற்று. இடமாறு தோற்றம் கிடைத்துவிட்டது என்று கொண்டாடியிருக்கலாம். ஆனால் அது தேதிக்குப் பொருந்தவில்லை. இடமாறு தோற்றம் என்றால் பூமி பாதையின் இந்த ஓரத்தில் நிற்கும்போது நட்சத்திரம் ஒரு பக்கமும், அந்த ஓரத்தில் நிற்கும்போது மறுபக்கமும் தள்ளித் தெரிய வேண்டும். பிராட்லி கண்ட நகர்வு அதிலிருந்து மூன்று மாதம் விலகியிருந்தது. அது பூமி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது என்று 1728இல் அவர் கண்டுகொண்டார். ஓடும் பூமியிலிருந்து பார்ப்பதால் ஒளி வரும் திசையே கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது. பூமி நகர்கிறது என்பதற்கு இதுவே நேரடி ஆதாரம். ஆனால் தூரத்தைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் நட்சத்திரமும் தொலைவில் இருக்கும் நட்சத்திரமும் ஒரே திசையில் இருந்தால், இந்தச் சாய்வு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதிலேயே ஒரு வழியும் இருந்தது. ஒரே திசையில் இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை வைத்து இன்னொன்றை அளந்தால் பொதுவான சாய்வு தானே கழிந்துவிடும். விரலைச் சுவரை வைத்து அளப்பது போலத்தான். கலிலியோ 1632லேயே இந்த யோசனையைச் சொல்லியிருந்தார். வில்லியம் ஹெர்ஷல் அதைப் பெரிய அளவில் முயன்றார். தொலைநோக்கியில் மிக நெருக்கமாகத் தெரியும் நட்சத்திர ஜோடிகளைத் தேடித் தேடிப் பட்டியலிட்டார். பிரகாசமானது பக்கத்தில் இருக்கும், மங்கலானது வெகு பின்னால் இருக்கும் என்பது அவர் கணிப்பு. பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப அளந்தபோது, அவற்றில் சில ஒன்றையொன்று சுற்றிவருவது தெரிந்தது. அதாவது இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கும் உண்மையான ஜோடி. சுவரோடு ஒட்டி நிறுத்திய பென்சில்! இரட்டை நட்சத்திரங்களைக் கண்டறிந்த பெருமை அவருக்குக் கிடைத்தது, தூரம் மட்டும் கிடைக்கவில்லை.

ஜெர்மன் வானியலாளர் ஃபிரீட்ரிக் பெசல் வேறு மாதிரி யோசித்தார். பிரகாசமான நட்சத்திரம் பக்கத்தில் இருக்கும் என்று ஏன் நம்ப வேண்டும்? சில நட்சத்திரங்கள் ஆண்டுக்காண்டு வானத்தில் ஒரே திசையில் மெல்ல இடம்பெயர்கின்றன. பக்கத்தில் இருப்பதுதான் வேகமாகப் போவது போலத் தெரியும். அன்னம் விண்மீன் குழுவில் உள்ள 61 சிக்னி மங்கலானது, வெறும் கண்ணுக்குச் சிரமப்பட்டுத்தான் தெரியும். ஆனால் ஆண்டுக்கு 5.2 வில் விநாடி நகர்கிறது. முழு நிலவின் அகலத்தை ஏறத்தாழ 350 ஆண்டுகளில் கடந்துவிடும். நட்சத்திரங்களுக்கு இது பெரிய ஓட்டம். இதுதான் நமக்குப் பக்கத்தில் இருக்கும் விரல் என்று அவர் முடிவுசெய்தார். சுவராக, அதன் அருகே தெரிந்த இரண்டு மங்கலான நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டார். அவை 61 சிக்னியோடு சேர்ந்து ஓடவில்லை, ஆகவே வெகு பின்னால் இருப்பவை என்று நம்பக் காரணம் இருந்தது.

கோனிக்ஸ்பெர்கில் அவரிடம் இருந்த கருவி ஃபிரான்ஹோஃபர் பட்டறையில் செய்த ஹீலியோமீட்டர். இதன் முன்பக்க லென்ஸை நடுவில் இரண்டாக அறுத்திருப்பார்கள். ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக ஒரு பிம்பத்தைக் காட்டும். ஒரு பாதியைத் திருகால் நகர்த்தினால் அதன் பிம்பமும் நகரும். ஒரு பாதி காட்டும் 61 சிக்னியும், மறுபாதி காட்டும் மங்கலான நட்சத்திரமும் ஒன்றாகப் பொருந்தும்வரை திருகைத் திருப்பிவிட்டு, திருகின் எண்ணைப் படித்தால் இரண்டுக்கும் இடையிலான கோணம் கிடைக்கும். 61 சிக்னியே இரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்தது. அது தொல்லை தரவில்லை, உதவியாகவே அமைந்தது. அந்த இரண்டுக்கும் நட்டநடுவில் மங்கலான நட்சத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்துவதைவிடக் கண்ணுக்கு எளிது.

1837இல் தொடங்கி ஓராண்டுக்கு மேல் இரவிரவாக அளந்தார். ஓராண்டு முழுக்க ஏன் வேண்டும்? 61 சிக்னி சொந்தமாக ஓடிக்கொண்டும் இருக்கிறது. அந்த ஓட்டம் நேராக, சீராகப் போகும். இடமாறு தோற்றம் ஆண்டுக்கொரு முறை போய்த் திரும்பும். இரண்டும் கலந்து நட்சத்திரத்தின் பாதை அலையலையாகத் தெரியும். ஒரு முழு அலையாவது கையில் இருந்தால்தான் எது ஓட்டம், எது தாவல் என்று பிரிக்க முடியும். அந்த அலை பிராட்லிக்குப் பொருந்தாமல்போன அதே தேதிக் கணக்கோடு பெசலுக்குப் பொருந்தியது. 1838 அக்டோபரில் விடையை அறிவித்தார்: 0.314 வில் விநாடி.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். வானியலில் முழுத் தாவலையும் கணக்கில் எடுப்பதில்லை, பாதியைத்தான் எடுப்பார்கள். அதாவது பாதையின் விட்டத்துக்கு அல்ல, 15 கோடி கிலோமீட்டர் ஆரத்துக்கான கோணம். இந்தக் கோணம் சரியாக ஒரு வில் விநாடியாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு ஒரு பார்செக் என்று பெயர். அது 3.26 ஒளியாண்டு. கோணம் பாதியானால் தூரம் இரட்டிப்பு. ஆகவே 1 ஐக் கோணத்தால் வகுத்தால் பார்செக்கில் தூரம் வந்துவிடும். 0.314 என்றால் 3.2 பார்செக், கொஞ்சம் மேலே பத்து ஒளியாண்டு. இன்றைய அளவு 0.286 வில் விநாடி, அதாவது 11.4 ஒளியாண்டு. பெசலின் விடை பத்தில் ஒரு பங்குக்குள் சரியாக இருந்தது. மனிதக் கண்ணும், திருகும், அறுத்த லென்ஸும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. அதே காலகட்டத்தில் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஆல்ஃபா சென்டாரியை அளந்த தாமஸ் ஹென்டர்சனும், வேகாவை அளந்த ஸ்ட்ரூவும் தங்கள் விடைகளை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு தூரங்கள் ஒவ்வொன்றாகச் சேர ஆரம்பித்தன.

பெசலின் முறையில் ஒரு குறை மட்டும் தீரவில்லை. அவர் எடுத்த சுவரும் நட்சத்திரங்கள்தான். அவையும் மிகச் சிறிதாகவாவது அதே திசையில் தாவும். 3 மீட்டரில் இருந்த நம் வீட்டுச் சுவருக்குத் தூரம் தெரியும் என்பதால் கணக்கில் அதைச் சேர்த்துக்கொண்டோம். பின்னணி நட்சத்திரங்களின் தூரம் தெரியாதே! அவற்றின் தாவலைக் கணக்கில் சேர்க்காமல் அளந்தால், கிடைக்கும் கோணம் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013இல் அனுப்பிய கையா விண்கலம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தது. 106.5 பாகை விலகிய இரண்டு திசைகளை அது ஒரே நேரத்தில் பார்த்தது. ஒரே ஆண்டில், ஒரே நாளில், வானத்தின் வெவ்வேறு பகுதியில் உள்ள நட்சத்திரங்கள் வெவ்வேறு அளவில் தாவும். பக்கத்தில் இருக்கும் பின்னணியை நம்பாமல், தொலைவில் வேறொரு திசையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றின் முழுத் தாவலையும் பிரித்தெடுக்கலாம். 2022இல் வெளியான அதன் மூன்றாம் பட்டியலில் 146 கோடி நட்சத்திரங்களின் இடமாறு தோற்றம் இருக்கிறது. பிரகாசமானவற்றுக்குப் பிசகு ஒரு வில் விநாடியின் ஒரு லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான்.

அவ்வளவு துல்லியத்திலும் அந்தப் பென்சில் திரும்ப வருகிறது. 10,000 பார்செக் தொலைவில் உள்ள நட்சத்திரத்துக்குக் கோணம் 0.0001 வில் விநாடி. பிசகு 0.00002 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. இன்னும் தொலைவில் உள்ளவற்றுக்கும் மங்கலானவற்றுக்கும் பிசகு தாவலையே விழுங்கிவிடும். கையா பட்டியலில் ஏராளமான நட்சத்திரங்களுக்கு எதிர்ம எண்ணில் இடமாறு தோற்றம் இருப்பதற்குக் காரணம் இதுதான். முதன்முதலாகத் தரவைத் திறந்து பார்ப்பவர்கள் இதைக் கண்டு தரவு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவதுண்டு. அழிக்கக் கூடாது. உண்மைத் தாவல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அளவைகள் அதற்கு இரண்டு பக்கமும் சிதறித்தான் விழும். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் சராசரி தூரமே தவறாகிவிடும். அதேபோல, இப்படிப்பட்ட நட்சத்திரங்களுக்கு 1 ஐக் கோணத்தால் வகுக்கும் எளிய கணக்கையும் போடக் கூடாது.

கருவியே ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று கண்டுபிடிக்கவும் சுவரைத்தான் பார்த்தார்கள். குவாசார்கள் என்பவை மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையங்கள். அவை கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளி இருப்பவை, எந்த வகையிலும் தாவ முடியாதவை. அவற்றுக்குக் கையா தரும் விடை சராசரியாகப் பூஜ்யமாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கான குவாசார்களை எடுத்துப் பார்த்தபோது பூஜ்யத்துக்குக் கீழே 0.000017 வில் விநாடி என்று வந்தது. பட்டியலைப் பயன்படுத்துகிறவர்கள் நட்சத்திரத்தின் பிரகாசம், நிறம், வானத்தில் அது இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு ஏற்ப இந்தச் சிறு சாய்வைத் திருத்திக்கொண்ட பிறகுதான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள்.